விளையாடாதவருக்கு ஸ்பீட்ரன் வழித்தடத்தை எழுதுவது எப்படி: சூப்பர் மரியோ பிரதர்ஸை வைத்து ஒரு முழு வழிகாட்டி

ஒரு வீடியோ கேமை எவ்வளவு குறைந்த நேரத்தில் முடிக்க முடியும் என்று பார்ப்பதுதான் ஸ்பீட்ரன். அதற்காக எங்கே போவது, எதைத் தாண்டுவது, எதைத் தொடாமல் விடுவது என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்ளும் திட்டத்தை ஆங்கிலத்தில் ரூட் என்கிறார்கள். நான் வழித்தடம் என்று எழுதுகிறேன். பஸ் வழித்தடம் என்ற சொல் எல்லோருக்கும் பழக்கம் என்பதால் இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்தப் பஸ் பின்னால் வேறொரு காரணத்துக்காகவும் நமக்குத் தேவைப்படும்.

இந்த ஓட்டங்களைப் பற்றி எழுத முயன்ற பலரின் முதல் வரைவுகளைப் படித்திருக்கிறேன். என்னுடைய முதல் வரைவுகளும் அவற்றைப் போலத்தான் இருந்தன. பெரும்பாலும் எல்லோரும் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். கீழே உள்ள படிகள் அந்த இடங்களை வைத்தே வரிசைப்படுத்தப்பட்டவை. எடுத்துக்காட்டு முழுக்க ஒரே விளையாட்டு: 1985-இல் நிண்டெண்டோ வெளியிட்ட சூப்பர் மரியோ பிரதர்ஸ். சுமார் 5 நிமிடத்தில் முடிந்துவிடும் ஓட்டம் என்பதால், ஒரு மாலைப் பொழுதில் பத்து முறை பார்த்துவிடலாம்.

## 1. முதலில் சாதாரண ஆட்டத்தைப் பாருங்கள்

எழுதுவதற்கு முன் இரண்டு வீடியோக்கள் தேவை. ஒன்று, அவசரமில்லாமல் யாரோ ஒருவர் விளையாடிய சாதாரண ஆட்டம். மற்றொன்று, நீங்கள் எழுதப்போகும் வேக ஓட்டம். சாதாரண ஆட்டத்தை முதலில் பார்க்க வேண்டும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

வேக ஓட்டத்தின் வியப்பு முழுவதும் எது விடப்பட்டது என்பதில் இருக்கிறது. சூப்பர் மரியோவில் 8 உலகங்கள், ஒவ்வொன்றிலும் 4 கட்டங்கள், ஆக 32 கட்டங்கள். வேக ஓட்டம் அவற்றில் 8 கட்டங்களில் மட்டுமே கால் வைக்கிறது. 32 என்ற எண் தெரியாதவருக்கு 8 என்பது வெறும் எண். நாணயங்கள் எதற்கு, எதிரிகளை மிதித்தால் என்ன கிடைக்கும், கொடிக்கம்பத்தைத் தொட்டதும் என்ன நடக்கும் என்பதையெல்லாம் நீங்கள் பார்த்து வைத்திருந்தால்தான், ஓட்டக்காரர் அவற்றை அலட்சியம் செய்யும்போது அது உங்கள் கண்ணில் படும்.

ஒருமுறை என் அத்தையை அருகில் உட்கார வைத்து வேக ஓட்டத்தை மட்டும் காட்டினேன். இரண்டாவது நிமிடத்தில் அவர் கேட்டார்: "இந்தப் பையன் ஏன் காசு எதையும் எடுக்காமல் ஓடுகிறான்?" அது மிகச் சரியான கேள்வி. நாணயத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் இந்த ஓட்டத்தில் மதிப்பே இல்லை, கடிகாரம் ஒன்றுதான் கணக்கு என்பதை நான் சொல்லியிருக்கவில்லை. விளையாடுகிறவர்களுக்கு அது சொல்லாமலே தெரியும். நம் வாசகருக்கு முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும்.

## 2. பிரிவைத் தீர்மானியுங்கள்

ஒரே விளையாட்டில் பல வேக ஓட்டங்கள் உண்டு. எப்படியாவது முடித்தால் போதும் என்பது ஒரு பிரிவு. அதை எனி பர்சென்ட் என்பார்கள். குறுக்கு வழிக் குழாய்களைப் பயன்படுத்தாமல் எல்லாக் கட்டங்களையும் கடப்பது வேறொரு பிரிவு. சூப்பர் மரியோ 64 என்ற பிற்கால விளையாட்டில், 120 நட்சத்திரங்களையும் சேர்ப்பவர்கள் ஒருபுறம், ஒன்றுகூடச் சேர்க்காமல் முடிப்பவர்கள் மறுபுறம் என்று தனித்தனியே ஓடுகிறார்கள்.

பிரிவைச் சொல்லாமல் "உலக சாதனை" என்று எழுதினால் அதற்குப் பொருளே இல்லை. அதோடு, எது அனுமதிக்கப்பட்டது என்பதை நிர்ணயிப்பதும் பிரிவின் விதிகள்தான். வழித்தடம் அந்த விதிகளுக்குள்தான் பிறக்கிறது. ஆகவே பிரிவு எது என்று உறுதியாகத் தெரியும்வரை எழுதத் தொடங்காதீர்கள்.

கருவி உதவியோடு செய்த ஓட்டங்களையும் இங்கேயே பிரித்து வைத்துவிடுங்கள். விளையாட்டை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு நொடிக்கூறுக்கும் எந்தப் பொத்தான் என்று முன்கூட்டியே பதிந்து உருவாக்கும் வீடியோக்கள் அவை. மனிதக் கை அதைச் செய்யவில்லை. ஒரு கட்டத்தில் எட்டக்கூடிய எல்லை எது என்று காட்ட அவை உதவும். மனித ஓட்டம் என்று நினைத்து அவற்றை வருணித்த வரைவுகள் என்னிடம் வந்திருக்கின்றன. கட்டுரை முழுவதையும் திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

## 3. வழித்தடத்தை ஒரே மூச்சில் எழுதிப் பாருங்கள்

தந்திரங்களை விளக்கும் முன், ஊரிலிருந்து ஊருக்குப் போகும் வழியைச் சொல்வதுபோல முழுப் பாதையையும் மூன்று நான்கு வாக்கியங்களில் எழுதுங்கள். எனி பர்சென்ட் ஓட்டத்துக்கு அது இப்படி வரும்:

"முதல் உலகத்தின் முதல் கட்டத்தை ஓடிக் கடக்கிறார். இரண்டாம் கட்டத்தில் மறைந்திருக்கும் குழாய் வழியாக நேரே நான்காம் உலகத்துக்குப் போகிறார். அங்கேயும் இரண்டாம் கட்டத்தில் இன்னொரு குழாய், அது அவரை எட்டாம் உலகத்தில் கொண்டுபோய் விடுகிறது. எட்டாம் உலகத்தின் நான்கு கட்டங்களுக்கும் குறுக்கு வழி கிடையாது. அவற்றை முழுவதுமாகக் கடந்து, கடைசிக் கோட்டையில் இருக்கும் கோடரியைத் தொட்டால் கடிகாரம் நிற்கிறது."

இதை முதலில் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தந்திரம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அது பயணத்தில் எங்கே வருகிறது என்று தெரியாவிட்டால் வாசகர் அதைத் தனி வித்தையாகத்தான் பார்ப்பார். இந்த நாலு வரி மனத்தில் இருந்தால், "நான்காம் உலகத்தின் இரண்டாம் கட்டம்" என்று பின்னால் சொல்லும்போதே, எட்டாம் உலகத்துக்குப் போகும் வாசல் அங்கேதான் என்று அவருக்கு நினைவு வந்துவிடும்.

இந்தப் பத்தியில் கட்ட எண்களைச் சுருக்கக் குறியீடாக எழுதாதீர்கள். நான்காம் உலகத்தின் இரண்டாம் கட்டத்தைக் குறிக்கும் 4-2 என்பது ஆடுகிறவர்களுக்கு ஊர்ப்பெயர் போல, மற்றவர்களுக்குக் கழித்தல் கணக்கு. ஒருமுறை விரித்துச் சொல்லிவிட்டு அதன் பிறகு சுருக்கலாம்.

## 4. ஒரு விதியைத் தேர்ந்தெடுத்து முழுமையாக விளக்குங்கள்

பார்வையாளர்கள் ஏன் மணிக்கணக்கில் ஒரே ஐந்து நிமிட ஓட்டத்தைப் பார்க்கிறார்கள் என்பதற்கான விடை, என் அனுபவத்தில், தந்திரங்களைவிட விதிகளில்தான் அதிகம் இருக்கிறது. விளையாட்டின் உள்ளே யாரும் எழுதிவைக்காத ஒரு விதி இயங்குகிறது. அது தெரிந்ததும் அதே வீடியோ வேறொன்றாகத் தெரிகிறது. சூப்பர் மரியோவில் அந்த விதி 21 ஃபிரேம் விதி. கட்டுரையில் ஒரே ஒரு விதியைத்தான் விளக்க இடம் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபிரேம் என்றால் திரையில் வரும் ஒரு படம். இந்த விளையாட்டு நொடிக்கு ஏறத்தாழ 60 படங்களைக் காட்டுகிறது. ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டத்துக்குப் போகலாமா என்பதை விளையாட்டு ஒவ்வொரு படத்திலும் சோதிப்பதில்லை. உள்ளே இருக்கும் ஒரு கணக்கி 21 படங்களுக்கு ஒருமுறைதான் அதற்கு வழிவிடுகிறது. நேரத்தில் சொன்னால் சுமார் 0.35 நொடிக்கு ஒருமுறை.

ஓட்டக்காரர்கள் இதற்குச் சொல்லும் உவமை பஸ். டார்பியன் என்ற பெயரில் ஓடும் சாதனையாளர் சொல்லிப் பரவிய விளக்கம் இது. கட்டத்தின் முடிவில் ஒரு பஸ் நிலையம் இருக்கிறது. 21 ஃபிரேமுக்கு ஒரு பஸ் புறப்படும். நீங்கள் முன்னதாக வந்தாலும் பஸ் முன்னதாகப் புறப்படாது. ஒரு நொடிக்கூறு பிந்தினால் அடுத்த பஸ்தான்.

இதை எண்ணோடு ஒருமுறை செய்து காட்டுங்கள். ஒரு பஸ் போன பிறகு 2-ஆவது ஃபிரேமில் ஒருவர் நிலையத்துக்கு வருகிறார். இன்னொருவர் 20-ஆவது ஃபிரேமில் வருகிறார். இருவருக்கும் இடையே 18 ஃபிரேம், அதாவது 0.3 நொடி வித்தியாசம். இந்த ஓட்டத்தில் அது பெரிய இடைவெளி. ஆனால் இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறுகிறார்கள். அடுத்த கட்டம் இருவருக்கும் ஒரே கணத்தில் தொடங்குகிறது. முந்தி வந்தவரின் 18 ஃபிரேமும் வீண். 22-ஆவது ஃபிரேமில் வந்த மூன்றாமவரோ, இரண்டாமவரைவிட இரண்டே ஃபிரேம் பிந்தியவர், முழுதாக 0.35 நொடியை இழக்கிறார்.

இந்தக் கணக்கு புரிந்தவுடன் வாசகருக்குள் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறேன். அதுவரை "வேகமாக ஓடுகிறான்" என்று பார்த்துக்கொண்டிருந்தவர், "இந்தப் பஸ்ஸைப் பிடித்துவிடுவானா" என்று பார்க்கத் தொடங்குகிறார். சிறிய பிழை சில இடங்களில் மன்னிக்கப்படுகிறது, சில இடங்களில் அதே பிழை ஓட்டத்தையே கொன்றுவிடுகிறது. எது எங்கே என்பது பார்க்கிறவருக்குத் தெரியும்போதுதான் பதற்றம் பிறக்கிறது.

வழித்தடம் வகுப்பவரின் வேலையும் இதிலிருந்தே புரிகிறது. ஒரு புதிய தந்திரம் 10 ஃபிரேம் மிச்சப்படுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 10 ஃபிரேம் முந்தைய பஸ்ஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்குமா என்பதுதான் கேள்வி. சேர்க்காது என்றால், எவ்வளவு கடினமான தந்திரமாக இருந்தாலும் அதைச் செய்வதில் பயனில்லை. சேர்க்கும் என்றால், மாதக்கணக்கில் பயிற்சி செய்யத் தகும்.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அதை மறந்துவிடாதீர்கள். கடைசிக் கட்டத்தில் பஸ் கிடையாது. கோடரியைத் தொட்ட கணமே கடிகாரம் நின்றுவிடும். ஆகவே முதல் ஏழு கட்டங்களில் 21-இன் மடங்குகளாக வந்த இழப்பு, எட்டாவது கட்டத்தில் ஒவ்வொரு ஃபிரேமாக வரும். கட்டுரையின் கடைசிப் பகுதியை எழுதும்போது உங்கள் வாக்கியங்களும் இங்கே குறுகலாம். அந்தக் கட்டத்தின் இயல்பே அதைக் கேட்கிறது.

இங்கே அதிகம் நடக்கும் பிழை, உவமையின் மேல் உவமை ஏற்றுவது. பஸ் என்று தொடங்கிவிட்டு அடுத்த பத்தியில் லிப்ட் என்றும், பிறகு அணைக்கட்டின் மதகு என்றும் எழுதிய வரைவு ஒன்றைப் பார்த்தேன். மூன்றுமே தனித்தனியே சரியான உவமைகள். சேர்த்துப் படித்தபோது எது எதைக் குறிக்கிறது என்று எனக்கே மறந்துபோயிற்று. பஸ் என்றால் கட்டுரை முடியும்வரை பஸ்தான்.

## 5. ஒரு தந்திரத்தை மூன்று கேள்விகளால் திறந்து காட்டுங்கள்

விதிக்குப் பிறகு தந்திரம். இங்கேயும் ஒன்றே போதும். 4-2-இல் வரும் தவறான குழாய்ப் பயணத்தை நான் எப்போதும் தேர்ந்தெடுக்கிறேன். அதைப் புரிந்துகொள்ள விளையாடியிருக்கத் தேவையில்லை என்பதே காரணம்.

முதல் கேள்வி: சாதாரணமாக என்ன நடக்க வேண்டும்? எட்டாம் உலகத்துக்குப் போகும் குழாய், தரைக்கு மேலே ஓர் இடத்தில் இருக்கிறது. அங்கே போக, மறைந்திருக்கும் கட்டிகளை வெளிக்கொணர்ந்து, அவற்றின் மேல் ஏறி, ஒரு செங்கல்லை முட்ட வேண்டும். அதிலிருந்து படர்கொடி ஒன்று வளரும். அது வளரும்வரை நின்று, பின் அதில் ஏறிப் போக வேண்டும். இதற்குப் பல நொடிகள் போய்விடும்.

இரண்டாவது கேள்வி: விளையாட்டு எதை நம்புகிறது? இந்தக் கட்டத்தில் படர்கொடியைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் ஒரு சாதாரணக் குழாய் இருக்கிறது. அது நிலத்தடியில் நாணயங்கள் நிறைந்த ஓர் அறைக்குப் போகும். படர்கொடிக்குச் சேருமிடம் ஒன்று, குழாய்க்குச் சேருமிடம் வேறொன்று. ஆனால் விளையாட்டு ஒரு நேரத்தில் ஒரே ஒரு முகவரிச் சீட்டைத்தான் கையில் வைத்திருக்கிறது. கட்டத்தின் தொடக்கத்தில் அந்தச் சீட்டில் படர்கொடியின் முகவரி இருக்கும். திரை ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டி நகர்ந்ததும் சீட்டு மாறி, நாணய அறையின் முகவரி வரும். விளையாட்டு பார்ப்பது திரை எங்கே இருக்கிறது என்பதை. மரியோ எங்கே இருக்கிறார் என்பதை அது பார்ப்பதில்லை.

மூன்றாவது கேள்வி: அந்த நம்பிக்கையை ஓட்டக்காரர் எப்படிப் பயன்படுத்துகிறார்? வழக்கமாக மரியோ திரையின் நடுவுக்குச் சற்று இடப்புறமாகவே இருப்பார். அவர் முன்னேற முன்னேறத் திரையும் கூடவே நகரும். ஆனால் ஒரு கட்டியின் விளிம்பில் அவர் சற்றே உள்ளே புகுந்துவிட்டால், விளையாட்டு அவரை வெளியே தள்ளிவிடும். அந்தத் தள்ளலில் மரியோ நகர்கிறார், திரை நகர்வதில்லை. ஓட்டக்காரர் வேண்டுமென்றே கட்டிகளில் இடித்து இடித்து மரியோவைத் திரையில் வலப்புறமாகக் கொண்டுவருகிறார். அதனால் மரியோ குழாயை அடையும்போது திரை இன்னும் எல்லையைத் தாண்டியிருக்காது. சீட்டில் இருப்பது பழைய முகவரி. நாணய அறைக்குப் போக வேண்டிய குழாய், தரைக்கு மேலே இருக்கும் அந்த இடத்தில் கொண்டுபோய் விடுகிறது. படர்கொடி வளரவே இல்லை.

இந்த மூன்று கேள்விகளின் வரிசையை மாற்றாதீர்கள். மூன்றாவதில் தொடங்கி, "மரியோ சுவரில் இடித்துக்கொள்கிறார்" என்று எழுதினால், வாசகருக்கு அது ஒரு தடுமாற்றம் போலத் தோன்றும். ஏன் இடிக்கிறார் என்ற தேவை பிறந்த பிறகுதான் இடிப்பது அழகாகிறது.

தமிழில் எழுதும்போது மட்டும் வரும் ஒரு சிக்கலை இங்கே சொல்ல வேண்டும். மரியோ ஏறும் செடியும் கொடி, பெரும்பாலான கட்டங்களின் முடிவில் கம்பத்தில் பறப்பதும் கொடி. என் முதல் வரைவில் இரண்டையும் வெறும் கொடி என்றே எழுதியிருந்தேன். படித்தவர், மரியோ கம்பத்தில் ஏறி மேலே போவதாகவே கடைசிவரை நினைத்திருந்தார். அன்றிலிருந்து ஒன்று படர்கொடி, மற்றது கொடிக்கம்பம். ஒவ்வொரு விளையாட்டிலும் இப்படி ஒரு சொல்லாவது மாட்டும். எழுதத் தொடங்கும் முன்பே அதைத் தேடிப் பிடித்துப் பிரித்துவிடுங்கள்.

## 6. இது ஏமாற்று வேலையா என்ற கேள்விக்கு அந்த இடத்திலேயே பதில் சொல்லுங்கள்

முகவரிச் சீட்டை விளக்கி முடித்ததும் வாசகர் இதைக் கேட்பார். கட்டுரையின் கடைசிவரை அவரைக் காக்க வைக்காதீர்கள். நெஞ்சில் அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டிருக்கும்போது அவரால் அடுத்ததை ரசிக்க முடியாது.

பதில் எளிமையானது. ஓட்டக்காரர் விளையாட்டின் நிரலில் கை வைக்கவில்லை. எல்லோரும் விலைக்கு வாங்கிய அதே விளையாட்டு, அதே பொத்தான்கள். நிரலை எழுதியவர்கள் எதிர்பாராத ஒரு நடத்தையை அவர் கண்டுபிடித்துப் பயன்படுத்துகிறார். இந்தப் பிரிவின் விதிகள் அதை அனுமதிக்கின்றன, போட்டியிடும் எல்லோருக்கும் அது பொது. நிரலை மாற்றி ஆடுவதும், பல ஓட்டங்களின் வீடியோத் துண்டுகளை ஒட்டி ஒரே ஓட்டம் என்று காட்டுவதும்தான் ஏமாற்று. அவற்றைச் செய்து பிடிபட்டவர்களின் பதிவுகள் நீக்கப்படுகின்றன.

## 7. எதற்காகக் காத்திருக்கவில்லை என்பதையும் எழுதுங்கள்

பெரிய தந்திரத்தைச் சொன்ன பிறகு, சிறியவற்றை வேகமாகச் சொல்லிக்கொண்டு போகலாம். ஒன்றிரண்டு போதும்.

கொடிக்கம்பத்தைத் தொட்டால் கொடி மெல்லக் கீழே இறங்கும், அதன் பின்தான் மரியோ கோட்டைக்கு நடப்பார். கம்பத்தின் அடியில் இருக்கும் கட்டிக்குள் மிகத் துல்லியமாகப் புகுந்தால், கொடி இறங்கும்வரை காத்திருக்காமல் அவர் நேரே நடந்துவிடுவார். அதேபோல, கம்பத்தைத் தொடும்போது விளையாட்டுக் கடிகாரத்தின் கடைசி இலக்கம் 1, 3 அல்லது 6 ஆக இருந்தால், அத்தனை வாணவேடிக்கைகள் வெடிக்கும். சிறுவயதில் ஆடியவர்களுக்கு அது பரிசு போல இனித்திருக்கும். ஓட்டக்காரருக்கு ஒவ்வொரு வெடியும் கைவிட்டுப்போன பஸ்.

இந்த வாணவேடிக்கை விவரத்தை நான் விடாமல் எழுதுவதற்குக் காரணம், விளையாட்டு கொண்டாடுகிற இடமும் ஓட்டக்காரர் தவிக்கிற இடமும் ஒன்றாக இருப்பதுதான். விளையாட்டைத் தொட்டே பார்க்காதவருக்கும் அது உடனே புரிகிறது.

## 8. ஓட்டம் எங்கே உடையும் என்று சொல்லுங்கள்

வெற்றி பெற்ற ஓட்டத்தை மட்டும் எழுதினால் அது வழித்தட விளக்கமாக நின்றுவிடும். எல்லாம் சரியாக நடக்கிறது, முடிந்துவிடுகிறது. பார்வையாளர்கள் உண்மையில் பார்ப்பது அதையல்ல. அவர்கள் நேரலையில் பார்ப்பது, நாள் முழுவதும் மீண்டும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் ஒருவரை. முதல் கட்டத்தில் ஒரு பஸ் தவறினால் அங்கேயே நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குகிறார். அந்த இழப்பு சில நொடிகள்தான். நான்கரை நிமிடம் குறையின்றி ஓடிவிட்டு எட்டாம் உலகத்தில் தவறினால் இழப்பது, அந்த நான்கரை நிமிடத்துக்கு வந்து சேர்வதற்காகச் செய்த அத்தனை முயற்சிகளையும்.

ஆகவே வழித்தடத்தின் எந்த இடம் ஆபத்தானது என்பதைத் தனியே எழுதுங்கள். இந்த ஓட்டத்தில் 8-3 அப்படி ஓர் இடம். அங்கே சுத்தியல் எறியும் எதிரிகள் இணை இணையாக நிற்கிறார்கள். அவர்கள் எப்போது குதிப்பார்கள், எப்போது எறிவார்கள் என்பதை ஓட்டக்காரரால் முழுமையாக முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதுவரை எல்லாம் அவர் கையில் இருந்தது. இங்கே மட்டும் சற்று நேரம் அவர் கையை விட்டுப் போகிறது. முடிவுக்கு மிக அருகில் அது நடக்கிறது என்பதைச் சொன்னால் போதும், அந்தப் பதற்றத்துக்கு உரிச்சொற்கள் தேவைப்படாது.

இந்த இடத்தில் வரைவுகளில் காணும் பிழை, உணர்ச்சியைப் பெயர் சொல்லி எழுதுவது. "நெஞ்சை உறைய வைக்கும் தருணம்" என்று எழுதுவதைவிட, "இங்கே இறந்தால் மீண்டும் முதல் உலகம்" என்று எழுதுவது வலுவானது.

## 9. நேரத்தை எழுதும் முறை

பதிவுகள் நிமிடம், நொடி, நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று எழுதப்படுகின்றன. 2021 ஏப்ரலில் நிஃப்ட்ஸ்கி என்ற பெயரில் ஓடுபவர் 4:54.948-இல் முடித்தார். 4 நிமிடம் 55 நொடிக்குள் முடித்த முதல் மனிதர் அவர். 2023 செப்டம்பரில் அவரே 4:54.631-இல் முடித்தார்.

இந்த எண்களை அப்படியே விட்டுவிட்டால் வாசகர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவார். இரண்டுக்கும் வித்தியாசம் 0.317 நொடி. இரண்டரை ஆண்டுக்கு இவ்வளவுதானா என்று கேட்பார். இப்போது பஸ்ஸைத் திரும்ப அழையுங்கள். ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் இடைவெளி 0.35 நொடி. ஆக அந்த முன்னேற்றம் முழுவதுமே ஒரு பஸ் இடைவெளியைவிடச் சற்றுக் குறைவு. நான்காவது படியில் நீங்கள் செலவிட்ட பத்திகள் இங்கே பலன் தருகின்றன. விதியை முதலில் விளக்காமல் சாதனை நேரத்தில் கட்டுரையைத் தொடங்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஒரு கட்டுரையில் இரண்டு பதிவு நேரங்களுக்கு மேல் தராதீர்கள். ஒவ்வொன்றுக்கும் மாதமும் ஆண்டும் கட்டாயம். இந்தப் பதிவுகள் மாறிக்கொண்டே இருப்பவை. "இன்றைய சாதனை" என்று எழுதியது அடுத்த வாரமே பொய்யாகலாம், "2023 செப்டம்பரில்" என்று எழுதியது எப்போதும் உண்மையாகவே இருக்கும்.

## 10. ஒரு பத்தி, முன்னும் பின்னும்

ஒருவர் கொடுத்த முதல் வரைவின் ஒரு பகுதி இது. அவர் அனுமதியோடு தருகிறேன்.

"4-2-இல் ராங் வார்ப் செய்து வைனைத் தவிர்க்கிறார். பம்ப் சரியாக விழுந்ததால் ஃபிரேம்ரூல் கிடைத்தது. அற்புதமான ஆட்டம்!"

தவறு எதுவும் இல்லை. ஆனால் ஏற்கெனவே தெரிந்தவருக்கு மட்டுமே புரியும். மேலே சொன்ன படிகளின்படி அவர் திருத்தியது இது:

"நான்காம் உலகத்தின் இரண்டாம் கட்டத்தில் மரியோ இருமுறை கட்டியில் இடித்துக்கொள்கிறார். ஒவ்வோர் இடியும் அவரைத் திரையின் வலப்புறம் சற்றே தள்ளுகிறது, திரை அசையவில்லை. குழாய்க்குள் இறங்கும்போது விளையாட்டின் கையில் இன்னும் பழைய முகவரிதான். தரைக்கு மேலே வெளிவருகிறார். படர்கொடி வளரக் காத்திருக்கும் நேரம் முழுதாக மிச்சம். எட்டாம் உலகத்துக்கான பஸ் புறப்படும் நேரத்தில் அவர் நிலையத்தில் நிற்கிறார்."

நீளம் மூன்று மடங்கு ஆகிவிட்டது. அதனால்தான் ஒரு விதி, ஒரு தந்திரம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இந்த அளவுக்கு விரித்து எழுதினால் எட்டுக் கட்டங்களின் எல்லாத் தந்திரங்களுக்கும் இடம் இருக்காது. எதை விடுவது என்று தீர்மானிக்கும்போது, எது கடினம் என்று பார்க்காதீர்கள். எதை விளக்க மூன்று வாக்கியத்துக்கு மேல் முன்னறிவு தேவையோ அதை விட்டுவிடுங்கள்.

## 11. விளையாடாத ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள்

வரைவு முடிந்ததும் வீடியோ எதையும் காட்டாமல் ஒருவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக இரண்டு கேள்விகள் கேளுங்கள். "18 ஃபிரேம் முந்தி வந்தவருக்கு ஏன் லாபம் இல்லை?" "அந்தக் குழாய் ஏன் தவறான இடத்துக்குப் போயிற்று?" இரண்டுக்கும் தம் சொந்த வார்த்தையில் பதில் சொன்னால் கட்டுரை தயார். முதலாவதில் தடுமாறினால் எண்ணோடு செய்த கணக்கைத் திருத்துங்கள். இரண்டாவதில் தடுமாறினால், திரையும் மரியோவும் தனித்தனியே நகரக்கூடியவை என்ற வாக்கியம் வலுவாக இல்லை என்று பொருள்.

அதன் பிறகு வீடியோவைப் போட்டுக் காட்டுங்கள். என் அத்தை இரண்டாம் முறை பார்த்தபோது, மரியோ கட்டியில் இடிக்கத் தொடங்கியதும், "சீட்டு மாறுவதற்குள் போய்விடுவானா?" என்று கேட்டார்.